கட்டிலை மடித்த வாரம்

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். மகள் கல்லூரிக்குப் போய், காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் சின்னவள்தான். கடைத்தெருவில் தலையணைக்காரி. இரண்டு பெயருக்கும் அவள் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பாள், கையில் இருக்கிற ஊசியை நிறுத்தாமல்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஒரு மெத்தைக் கடையில் பஞ்சு தட்டப் போனவள் அவள். மெத்தைக் கடை மூடிப்போனது. அவள் கையில் தலையணை மட்டும் மிஞ்சியது. ஆனால் அந்த ஒன்றில் அவளுக்கு ஈடு கிடையாது. கடையில் ஒரு மடக்குக் கட்டில் கிடக்கும். வருகிறவரை அதில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வாள். மூக்கும் நெஞ்சுக்குழியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று கால்மாட்டில் நின்று பார்ப்பாள். தலை தொங்கினால் ஒரு பிடி இலவம்பஞ்சு கூட, தூக்கினால் ஒரு பிடி குறைய. அதோடு விடமாட்டாள். "பத்து நாள் படுத்துட்டு எடுத்துட்டு வாங்க. பஞ்சு அமுங்கியிருக்கும், சரிபண்ணித் தரேன்" என்பாள். அதற்குக் காசு வாங்கமாட்டாள். அந்தப் பத்தாம் நாள் வேலைதான் உண்மையான தலையணை, முதல் நாள் கொடுப்பது வெறும் பை என்பது அவள் கட்சி.

ஊரில் எல்லாரும் ரப்பர் தலையணைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தள்ளுபடியில், பிளாஸ்டிக் உறையில், ஒன்று வாங்கினால் ஒன்று. சின்னவளின் கடையில் ஈ ஓட்டும் நாட்கள் கூடின. ஆனால் பெருநகரத்திலிருந்து கல்யாணம் காரியம் என்று வந்துபோகிறவர்கள் மட்டும் தவறாமல் சொல்லிவிட்டுப் போவார்கள்: "எங்க ஊர்ல இப்படி ஒரு கடை இல்லையேம்மா. நீங்க வந்து போட்டா பிச்சிக்கிட்டுப் போகும்."

சின்னவள் சிரித்துக்கொள்வாள். அவள் கணவர் சிரிக்கவில்லை. சரக்கு வேன் ஓட்டுகிறவர். இரவு ஓட்டம்தான் அதிகம். இடுப்பு விட்டுப்போய், கண்ணுக்குக் கீழே பை கட்டிப்போயிருந்தது. நகரத்தில் ஒரு கடை என்றால் வண்டியை விற்றுவிட்டுக் கல்லாவில் உட்காரலாம், இராத்திரியில் மனுஷனைப் போலத் தூங்கலாம் என்பது அவர் கணக்கு. ஒரு ஷாப்பிங் காம்ப்ளக்ஸில் தரைத்தளத்தில் காலியாகக் கிடந்த கடையைப் பேசியும் வைத்துவிட்டார். மூன்று வருட ஒப்பந்தம். முதல் இரண்டு வருடம் இடையில் விட்டுவிட்டுப் போக முடியாது.

"ரெண்டு வருஷம் விட முடியாதுன்னா, போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் இருந்து பாத்துட்டுப் போனா என்ன?" என்றாள் அக்கா. உள்ளூர்க் கடையில் உறை தைத்துக் கொடுப்பது அவள்தான். "அகலக்கால் வைக்காதடி."

காம்ப்ளக்ஸ் மேனேஜரும் அதற்கு ஒப்புக்கொண்டார். கடை எப்படியும் சும்மாதான் கிடந்தது. பூட்டிய அந்தக் கடைக்கு நேர் எதிரே, நடைபாதையில், ஒரு மேசையும் ஒரு கட்டிலும் போட்டுக்கொள்ள ஒரு மாதம் இடம். வாரக் கணக்கில் வாடகை. பிடித்தால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் கும்பிடு.

கிளம்பும்போது அக்கா மூன்று விஷயம் சொன்னாள். ஒன்று, விலையைக் குறைத்து விற்காதே. குறைத்து விற்றால் விலை விற்கிறதா தலையணை விற்கிறதா என்று தெரியாது. இரண்டு, அங்கே இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கும் சொல்லாதே. முகதாட்சண்யத்துக்கு ஆளுக்கொன்று வாங்கிப்போய்ப் பரணில் போடுவார்கள். மூன்று, போனஸ் மாதமும் வேண்டாம், பள்ளி விடுமுறையும் வேண்டாம். சாதாரண மாதமாகப் போ.

"நீயே வந்து கடை நடத்தேன்" என்றாள் சின்னவள்.

"எனக்கு வேற பொழப்பு இருக்கு" என்றாள் அக்கா.

முதல் நாளே ஒரு தடங்கல். ஒரு பெரியவருக்குத் தலை தூக்கியிருந்தது. பழக்கதோஷத்தில் சின்னவள் தலையணையின் தையலைப் பிரித்து ஒரு பிடி பஞ்சை எடுத்தாள். மேலே எங்கிருந்தோ ஏசி காற்று. ஒரு பிடி பஞ்சு ஆயிரம் இழையாகப் பறந்து, பின்னால் இருந்த செருப்புக் கடை, பக்கத்து ஐஸ்கிரீம் கடை, பெரியவரின் மூக்கு என்று ஒன்றையும் விடவில்லை. காவலாளி ஓடிவந்தார். அவர் மீசை நரைத்துப்போன மாதிரி இருந்தது.

"மேடம், இங்க இத பிரிக்கக் கூடாது. ஏசி குழாய்ல போயிடும். நெருப்பு பட்டா வேற பத்திக்கும். மேனேஜர் பாத்தா என் சீட்டு கிழிஞ்சிடும்."

"இனிமே பிரிக்கலைங்க. மீசையத் தொடச்சுக்கங்க."

அன்றிலிருந்து அவள் வேலை இரண்டாகப் பிரிந்தது. பகலில் காம்ப்ளக்ஸில் அளவு பார்ப்பது. மாலை கடை கட்டிய பிறகு, தங்கியிருந்த ஒற்றை அறையில், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, பிரித்து நிரப்பித் தைப்பது. அறை அடுப்பு மாதிரி இருக்கும். வேர்வையில் பஞ்சு ஒட்டி, முழங்கை வரை வெள்ளை முடி முளைத்தது போலாகிவிடும். ஒவ்வொரு இரவும் அவளுக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும். தலையணைக்காரிக்குத் தலையணையில் தலை வைக்க நேரமில்லை.

ஆனால் கூட்டம் வந்தது. யாரும் எதிர்பாராத கூட்டம்.

ஊரில் கட்டிலில் படுக்கச் சொன்னால் ஜனங்கள் கூச்சப்படுவார்கள். படுத்த வேகத்தில் எழுந்துவிடுவார்கள். இந்த நகரத்தில் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு வங்கிக்காரர், கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, காலணியைச் சோடியாகக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தார். சின்னவள் கால்மாட்டில் நின்று மூக்கைப் பார்த்தாள். கோடு சரியாக இருந்தது. "எப்படி இருக்குங்க?" என்றாள். பதில் குறட்டையாக வந்தது.

அவரை எழுப்ப மனசு வரவில்லை. எழுந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு தெளிவு. "ரொம்ப நல்லாருக்கும்மா. கட்டாயம் வாங்குறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு வந்து மறுபடி படுத்தார். அடுத்த நாள் தன் அலுவலகத்துப் பெண்ணையும் அழைத்து வந்தார். அந்தப் பெண் வரிசையில் நின்று படுத்தாள். அதற்குள் வரிசை என்று ஒன்று உண்டாகியிருந்தது. கட்டிலில் படுத்துக்கிடப்பவர்களை யாரோ படமெடுத்துக் கைப்பேசிகளில் சுற்றவிட, வரிசை ஐஸ்கிரீம் கடை வரை நீண்டது. ஐஸ்கிரீம் கடைக்காரர் முதலில் முறைத்தார். வரிசையில் நிற்கிறவர்கள் ஐஸ்கிரீம் வாங்குவதைப் பார்த்ததும் சின்னவளுக்குத் தினம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தனுப்பத் தொடங்கினார்.

காவலாளியும் ஒருநாள் வந்து நின்றார். "மேடம், ஒரு நிமிஷம் படுத்துப் பாக்கலாமா? வாங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"இந்த ஊர்ல உண்மை பேசுற ஒரே ஆளு நீங்கதான். படுங்க" என்றாள்.

மேனேஜர் தினமும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது சனிக்கிழமை இறங்கியே வந்துவிட்டார். "என்னம்மா, திருவிழாக் கூட்டமா இருக்கு. இன்னும் என்ன யோசனை? பேப்பர் ரெடி பண்ணச் சொல்லவா?"

வேனோடு கூடவே வந்து தங்கியிருந்த கணவரின் முகம் மலர்ந்தது. சின்னவள் வரிசையைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். காலையில் அடுக்கிய தலையணைகள் முக்கால்வாசி அப்படியே இருந்தன.

அன்று மாலை அக்கா போனில் கேட்டாள். "இன்னிக்கு எப்படி?"

"சரியான கூட்டம்க்கா. வரிசையில நிக்கிறாங்க."

"எத்தன பேரு படுத்தாங்கன்னு நான் கேக்கல. எத்தன பேரு தூக்கிட்டுப் போனாங்க?"

"காலையில அடுக்கினதுல முக்கால்வாசி அப்படியே இருக்குக்கா."

"அடியே, நம்ம கட்டிலு நல்லா யாவாரம் ஆகுதுன்னு சொல்லு" என்றாள் அக்கா.

சிரிப்பு வந்தாலும் அது சின்னவளுக்குள் முள்ளாகத் தைத்தது. கூட்டம் வருவது தலையணைக்கா, கட்டிலுக்கா? வாங்குகிற அந்தச் சிலபேர், கட்டிலில் படுத்ததால் வாங்குகிறார்களா, இல்லை எப்படியும் வாங்கியிருப்பார்களா? இரண்டும் கலந்து கிடக்கும்வரை எதுவும் தெரியப்போவதில்லை. பஞ்சில் கொட்டை கலந்திருப்பது போலத்தான். பிரித்தால்தான் எடை தெரியும்.

திங்கட்கிழமை காலை அவள் கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்தாள்.

கணவர் பதறிப்போனார். "என்ன காரியம் பண்ற? வர்ற ஜனத்த வெரட்டுறியா?"

"ஒரு வாரங்க. கடைசி வாரம். தலகாணி மட்டும் இருக்கட்டும். அளவு கேட்டா நிக்க வச்சு தோள அளந்து சொல்றேன்."

"கையில வந்தத கெடுக்கிற."

"கையில வந்திருக்கான்னு பாக்கத்தானே வந்தோம்."

அவர் அன்று முழுதும் ஒரு தூணில் சாய்ந்து, மடித்த கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசை ஒரே நாளில் கரைந்தது. வங்கிக்காரர் வந்தார், கட்டிலைத் தேடினார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து நகர்ந்தார். பிறகு அந்தப் பக்கமே காணோம். ஐஸ்கிரீம் கடையிலிருந்து தண்ணீரும் நின்றுபோனது. மேனேஜர் மாடியில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிற்கிறபோது தெரியாத கால்வலி உட்கார்ந்ததும் வந்தது.

ஆனால் விற்றது குறையவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். கூட்டம் இருந்தபோது அன்றாடம் எத்தனை போனதோ, ஏறக்குறைய அத்தனை கூட்டம் இல்லாதபோதும் போனது. வந்தவர்கள் நேராக வந்தார்கள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பேசினார். அவர்களுக்குக் கட்டில் வேண்டியிருக்கவில்லை. தோளை அளந்து அவள் சொன்னதைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அந்தச் சிலர்தான் இந்த நகரத்தில் அவளுடைய ஆட்கள். முன்பும் அவர்கள்தான். நடுவில் வந்தவர்கள் எல்லாம் அலுத்துப்போன ஜனங்கள். தூங்க ஓர் இடம் கிடைத்தால் எந்தத் தலையணையிலும் தூங்குவார்கள்.

அந்தச் சிலரை நம்பி, கண்ணாடி போட்ட அந்தக் கடையின் வாடகையைத் தாங்க முடியாது. அதை அறிய விரலை மடக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை காலை, காம்ப்ளக்ஸ் திறந்ததும், நர்ஸம்மா வந்தாள். முதல் வாரத்தில் ஒரு தலையணை வாங்கிப்போனவள். இரவு வேலை முடித்து, சீருடையோடு, கண் சிவந்து வந்திருந்தாள். சொன்னபடி தலையணையை எடுத்து வந்திருந்தாள். அது மட்டுமில்லை. இன்னொரு கையில் போர்வையில் கட்டிய பெரிய மூட்டை.

"புதுசு நல்லாருக்கும்மா. கொஞ்சம் அமுங்கிடுச்சு, ஒரு பிடி போடுங்க. ஆனா நான் வந்தது இதுக்கு." மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே கறைபிடித்த, கட்டிதட்டிய பழைய தலையணைகள். "எங்க வீட்டு தலகாணிங்க. கல்லு மாதிரி ஆயிடுச்சு. தூக்கிப் போடலாம்னா பஞ்சு நல்ல பஞ்சு, மனசு வரல. இதுக்கு உயிர் குடுக்க முடியுமா?"

சின்னவள் ஒன்றை எடுத்து அமுக்கினாள். முனையைப் பிய்த்து உள்ளே விரலை விட்டாள். நல்ல இலவம்பஞ்சுதான். வெயில் காணாமல், தட்டாமல் கட்டிதட்டிக் கிடந்தது. "பிரிச்சு, வெயில்ல போட்டு, தட்டி, கொஞ்சம் புதுசு கலந்தா பழையபடி வந்துடும்."

"எங்க ஆஸ்பத்திரியில எல்லார் வீட்டுலயும் இப்படித்தான் கெடக்கு. யாருகிட்ட குடுக்கிறதுன்னுதான் தெரியல. முன்னாடி தெருவுல வருவாங்க. இப்ப யாரும் வர்றதில்ல."

அதைக் கேட்டதும் சின்னவளுக்கு இந்த ஒரு மாதமும் வேறு மாதிரி தெரிந்தது. கழுத்துவலியோடு வந்த ஒவ்வொருவரும், போகும்போது தயங்கித் திரும்பி, ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: வீட்டில் பழசு இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்வீர்களா? எடுத்துக்கொண்டு புதுசில் குறைத்துக்கொடுங்கள் என்று பேரம் பேசுகிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள். விலையைக் குறைக்கக் கூடாது என்று அக்கா சொன்னது நினைவில் இருந்ததால், "அதெல்லாம் இல்லைங்க" என்று ஒவ்வொருவரையும் அனுப்பிவைத்திருந்தாள். அவர்கள் குறைக்கச் சொல்லவில்லை. சரிசெய்யத்தான் சொன்னார்கள்.

அந்த வாரத்தின் மிச்ச நாட்களில், "பழசையும் எடுத்துட்டு வாங்க, சரிபண்ணித் தரேன்" என்று வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். கூலி இவ்வளவு என்று முதலிலேயே சொன்னாள். மறுநாளே மூட்டைகள் வந்தன. இரண்டு மூன்று என்று வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் ஒற்றை அறையில் கால்நீட்ட இடமில்லை. கணவர் மூட்டைகளுக்கு நடுவே முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார்.

சனிக்கிழமை மேனேஜர் ஒப்பந்தத்தோடு வந்தார். கூடவே ஒரு பேனாவும். "கடைசி நாளும்மா. நாளைக்கு இன்னொரு பார்ட்டி கடையப் பாக்க வர்றாங்க."

சின்னவள் எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மேனேஜர் காலை மாற்றி மாற்றி நின்றார். நடுவில் அவள் விரல் நின்றது.

"சார், விற்பனை மட்டும்னு போட்டிருக்கு."

"ஆமா. பஞ்சு பிரிக்கிறது, அடைக்கிறது எதுவும் உள்ள கூடாது. இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான். ஏசி இருக்கு, கூட்டம் இருக்கு. உங்களுக்கே தெரியும்."

"பின்பக்கமா ஒரு சின்ன அறை, கதவு சாத்திக்கிட்டு?"

"இந்தக் கட்டடத்துல எங்கயும் முடியாதும்மா. மூணு வருஷம் நிம்மதியா வித்துக்கங்க. கூட்டத்த நான் கண்ணால பாத்தேன். நீங்கதான் கட்டில மடக்கி வெரட்டிட்டீங்க."

"அவங்க தூங்க வந்தவங்க சார். எனக்கு வேல வந்திருக்கிறது பழச பிரிக்கிறதுல. அத இங்க பிரிக்க முடியாது." அவள் தாளைச் சேர்த்து அடுக்கி, ஓரம் தட்டி, பேனாவை மேலே வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "கோவிச்சுக்காதீங்க. ஒரு மாசம் இடம் குடுத்தீங்க. அந்த ஒரு மாசம் இல்லாட்டி நான் கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டு வருஷம் அழுதிருப்பேன்."

மேனேஜர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மடித்த கட்டிலைப் பார்த்தார். "வித்துடுறீங்களா அத?" என்றார், குரலைத் தாழ்த்தி. "என் ரூம்ல போட்டுக்கலாம்னு."

"அது கடையோட கட்டில் சார். ஊருக்கு வேணும்."

கணவர் கூடவே நின்றார். வேனில் கட்டிலையும் மேசையையும் ஏற்றினார். அறையிலிருந்து மூட்டைகளை எடுத்து வந்து அடுக்கினார். ஒவ்வொரு மூட்டையிலும் அவள் துணித்துண்டில் பெயரும் தெருவும் எழுதித் தைத்திருந்தாள். காவலாளி வாசல்வரை வந்து கயிறு கட்ட உதவினார். நர்ஸம்மா சொல்லி, ஆஸ்பத்திரியின் பின்வாசலில் இருந்த சலவைக்கடைக்காரர், வாரத்துக்கொரு நாள் தலையணைகளை வாங்கி வைக்கவும் கொடுக்கவும் ஒப்புக்கொண்டிருந்தார். சரக்கு இறக்க எப்படியும் இந்தப் பக்கம் வருகிற வேன்தானே. ஊரில் மொட்டைமாடி இருக்கிறது, வெயில் இருக்கிறது, அக்கா இருக்கிறாள். இதுவும் நடக்குமோ நடக்காதோ தெரியாது. நடக்காவிட்டால் சாக்கைச் சுருட்டிக்கொண்டு நிறுத்திவிடலாம். யாரிடமும் கையெழுத்து மாட்டிக்கொண்டிருக்காது.

வேன் நகரத்தைத் தாண்டியது. பிறகு கணவர் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அப்ப நான் வண்டிய விக்க முடியாது."

"முடியாதுங்க."

"ராத்திரி ஓட்டமும் இருக்கும்."

"கொஞ்ச நாளைக்கு இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். கோபமாகத் தெரியவில்லை, கோபப்படத் தெம்பு இல்லாததும் காரணமாக இருக்கலாம். கொஞ்ச தூரம் போனதும், "அந்த பேங்க் ஆளு என்னா தூக்கம் தூங்கினான்" என்றார். "ஒருநாள் நான் போய் அந்த வரிசையில நின்னேன், தெரியுமா? நீ அளவெடுத்துட்டு இருந்த. நான் ரெண்டாவது ஆளு. அப்புறம் வெக்கமாப் போயி நகந்துட்டேன்."

சின்னவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஊருக்கெல்லாம் கால்மாட்டில் நின்று மூக்கைப் பார்த்தவள், இவரை ஒருநாளும் அந்தக் கட்டிலில் படுக்கச் சொன்னதில்லை. வீட்டில் அவர் தலைக்கு வைப்பது விற்காமல் மிஞ்சிய ஏதோ ஒன்று.

"ஊருக்குப் போனதும் முதல் தலகாணி உங்களுக்குத்தான்" என்றாள். "இடுப்பு வலிக்கு முட்டிக்கு நடுவுல வைக்க ஒண்ணு, தலைக்கு ஒண்ணு. நாளைக்குக் கட்டில்ல படுங்க, பாக்கறேன்."

"பத்து நாள் கழிச்சு மறுபடி வரணுமா?"

"வரணும்."

அவர் உதட்டோரம் சிரித்தார். சின்னவள் பின்னால் கையை விட்டு, ஒரு மூட்டையிலிருந்து ஒரு பழைய தலையணையை உருவி, ஜன்னல் கம்பிக்கும் தலைக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்தாள். யாருடையதோ. ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் கல்லாக இருந்தது. குறைந்தது இரண்டு பிடி எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் தூங்கிப்போனாள்.

எதிரே ஒரு வேகத்தடை வந்தது. அவர் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, வண்டியைக் குலுங்காமல் மெல்ல ஏற்றி இறக்கினார்.